குழந்தை முகம் அதற்குத் தெரியாது

அந்த ஒரு படத்தை என் மாமனார் தெரிந்தே விட்டாரா, கண்ணில் படாமல் தவறிவிட்டதா? அவர் இருந்தவரை கேட்கத் தைரியம் வரவில்லை. இப்போது கேட்க ஆளில்லை. பதில் தெரிந்தால் இன்று எங்கள் வீட்டில் எடுக்க வேண்டிய ஒரு முடிவை உடனே எடுத்துவிடுவேன் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. தெரிந்தாலும் எடுக்க மாட்டேன் என்று இன்னொரு சமயம் தோன்றுகிறது. நான் அப்படித்தான். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று மூன்று தடவை பார்க்கிறவள்.

மாமா புதுச்சேரிக் கிராமங்களைக் கவனிக்கும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலும் பிறப்பு இறப்புப் பிரிவில்தான் வேலை. அந்தப் பிரிவில் ஒரு முறை உண்டாம். பதிவேட்டில் ஏறிய எதையும் அழிக்கக் கூடாது. தவறு இருந்தால் அதன் மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் இருக்கும் எழுத்து படிக்கத் தெரிய வேண்டும். ஓரத்தில் காரணம் எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். அதையும் சம்பந்தப்பட்டவர் மனு கொடுத்தால்தான் செய்ய வேண்டும். நல்ல முறைதான். ஓய்வு பெற்ற அன்று ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஒருநாள் காலண்டரில் பால் வரவில்லை என்று எழுதியதை நான் கிறுக்கி வைத்திருந்தேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அதன் முன்னால் நின்றார்.

"இன்னாம்மா இது, அடியில இன்னா இருந்துச்சின்னே தெரியலியே."

"பால் வரலன்னு போட்டன் மாமா. அப்புறம் வந்துடுச்சி. அடிச்சிட்டன்."

"அப்ப ஒரு கோடு போட்டு, பக்கத்துல 'பிறகு வந்தது'ன்னு எழுதணும்."

இடுப்பில் சின்னவன், அடுப்பில் பால். அந்தப் பாலைத்தான் சொல்கிறார். அது பொங்கிக்கொண்டிருந்தது.

சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் கரையேறி வந்த மழைக்காலத்தில் எங்கள் கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. பீரோவின் அடித்தட்டில் இருந்த போட்டோ ஆல்பங்கள் நனைந்துவிட்டன. பழைய ஆல்பங்களில் கறுப்புத் தாளில் படத்தின் நான்கு மூலைகளையும் செருகி வைத்திருப்பார்கள். அவை பிழைத்தன. பிறகு வந்த ஆல்பங்கள் பசைத் தாளில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடியவை. அவற்றில் பசை மஞ்சளாகிப் படத்தோடு பிளாஸ்டிக்கும் பிடித்துக்கொண்டது. நான் பிரித்துப் பார்க்க ஒரு மூலையை இழுத்தேன். என் கணவரின் காதணி விழாப் படத்தில் தாய்மாமன் தலை பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது.

"கை வெக்காதம்மா" என்றார் மாமா. அந்தத் தலையை ஒரு உறையில் போட்டு, உறையின் மேல் 'தாய்மாமன் தலை' என்று எழுதி வைத்தார்.

என் மகள் தர்ஷினி அப்போது ஒன்பதாவது. பள்ளியில் பைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம் தாத்தா. வெட்டறது, பேர் வெக்கிறது எல்லாம் ஸ்கிரிப்ட் எழுதிடறன்" என்றாள். எனக்குப் படிப்பு கெடுமே என்று பயம், கண் கெடுமே என்று பயம். வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு இருக்கும் ஒரே ஆர்வத்தையும் கெடுத்தவள் ஆவேனோ என்றும் பயம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாமா புதுச்சேரிக்குப் போய், பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்து வந்துவிட்டார். எங்கள் சாப்பாட்டு மேசை அன்றோடு போயிற்று. ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அவர்கள் வேலை செய்த விதத்தை நான் தினமும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க வழியில்லை. ஒட்டிக்கொண்ட படத்துக்கு அடியில் பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலை நுழைத்து, ரம்பம் போல மெதுவாக அறுத்து எடுப்பார் மாமா. வராத படத்தைப் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்ய வேண்டும். சிறிய கறுப்பு வெள்ளைப் படம் என்றால் அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி. முழுப் பக்கம் என்றால் முந்நூறு. முதலில் எடுப்பது மூலம். அது சுருக்கப்படாத பெரிய கோப்பு. அதை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, மாற்ற முடியாதபடி பூட்டிவிட வேண்டும். வெட்டுவது, நேராக்குவது, நிறம் திருத்துவது எல்லாம் நகலில்தான். இந்தக் கடைசி விதி மாமாவுடையது. அவருக்குக் கணினி தெரியாது. ஆனால் மூலத்தில் கை வைக்கக் கூடாது என்பது தெரியும்.

'சில்க்' தாள் என்பார்களே, அந்தச் சொரசொரப்பான தாளில் அச்சிட்ட கலர் படங்கள் ஸ்கேனரில் மினுமினுவென்று புள்ளி அடித்தன. தர்ஷினி ஒரு வழி கண்டுபிடித்தாள். படத்தை ஒருமுறை ஸ்கேன் செய்து, தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை. ஸ்கேனரின் வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வருவதால் மினுமினுப்பு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் விழும். இரண்டாவதை ஸ்கிரிப்ட் நேராகத் திருப்பி, முதலாவதோடு பொருத்தி, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் புள்ளிகள் மங்கிவிடும். இதைக் கண்டுபிடித்த நாளில் அவளுக்குக் கணக்கு யூனிட் டெஸ்ட்.

ஸ்கேனர் கண்ணாடியின் மேல் நான்கைந்து படங்களைப் பரப்பினால் ஸ்கிரிப்ட் ஓரங்களைத் தேடிப் பிடித்துத் தனித்தனியாக வெட்டித் தர வேண்டும். வெள்ளை ஓரம் வைத்த படங்கள் ஸ்கேனரின் வெள்ளை மூடியில் கரைந்துபோய் ஒன்றுமே கிடைக்கவில்லை. மாமா கறுப்பு சார்ட் பேப்பர் வாங்கி வந்து மேலே வைத்தார். அதன் பிறகு கிடைத்தது. கிடைத்ததில் எதிர்பாராததும் இருந்தது. எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் எடுத்த ஒரு குடும்பப் படத்தில் சுவரில் சாமி படங்கள் மாட்டியிருக்கும். ஸ்கிரிப்ட் அவற்றின் சட்டங்களையும் போட்டோ என்று நினைத்து, முருகரைத் தனியாக, லட்சுமியைத் தனியாக வெட்டி எடுத்துவிட்டது.

"குடும்பத்துல இவங்களும் இருக்காங்கதான்" என்றார் மாமா. "ஆனா தனிப் பதிவு வேணாம்."

"இத்தினியூண்டு இருந்தா விட்டுடுன்னு ஒரு வரி போடணும் தாத்தா. அவ்ளோதான்."

"போடு. ஏன் போட்டன்னு பக்கத்துல எழுது."

"எழுதிட்டன். வரி முன்னாடி ஒரு குறி போட்டா அது நமக்கு, கம்ப்யூட்டர் படிக்காது."

அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆபீஸ் பதிவேட்டில் இருந்த ஓரம் இதிலும் இருக்கிறது என்றார்.

தேதி விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. ஸ்கேன் செய்த தேதியையே போன் படம் எடுத்த தேதியாக நினைத்துக்கொள்ளும். அதனால் என் மாமியார் மாமனார் கல்யாணம் போன வாரம் நடந்ததாக என் போனில் காட்டியது. சரியான தேதியைக் கோப்புக்குள்ளேயே எழுத வேண்டும். வருஷம் மட்டும் தெரிந்து மாதம் தெரியாத படங்களுக்கு தர்ஷினியின் ஸ்கிரிப்ட் ஜனவரி ஒன்று என்று போட்டுக்கொண்டே போனது.

"ஜனவரி ஒண்ணாந்தேதி மார்கழிடி. மார்கழில எவன் கல்யாணம் பண்ணுவான்?"

"அது சொம்மா ஒரு தேதி தாத்தா. எதுனா ஒண்ணு போட்டாதான் வரிசையில வரும்."

"எதுனா ஒண்ணுன்னு ஒரு தேதி இல்ல. தெரியலன்னா தெரியலன்னு போடு."

"தெரியலன்னு போட அதுல இடமே இல்ல."

"அப்ப காலியா விடு."

"விட்டா போன வாரம்னு காட்டும். உங்க கல்யாணம் போன வாரம். பரவால்லியா?"

நான் இடையில் போய், "சித்திரை ஒண்ணு போடேன்டி" என்றேன். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். கடைசியில் வரிசைக்காக ஒரு பொய்த் தேதி. கூடவே தனி அட்டவணையில் 'வருஷம் மட்டும் உறுதி' என்று ஒரு பத்தி, 'யார் சொன்னது' என்று இன்னொரு பத்தி. இந்த 'யார் சொன்னது' பத்தியை நிரப்ப, என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு செல்லிப்பட்டு, பண்டசோழநல்லூர் என்று சொந்தக்காரர் வீடெல்லாம் மாமா போய் வந்தார். வண்டி ஓட்டியது நான். பெட்ரோல் போட்டதும் நான். நான் படித்த பி.காம். இதற்குத்தான் பயன்பட்டது.

ஆட்களை அடையாளம் பார்க்க தர்ஷினி இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதினாள். அது ஒவ்வொரு படத்திலும் முகங்களைத் தேடும். கண், மூக்கு, தாடை எல்லாவற்றையும் வைத்து ஒவ்வொரு முகத்தையும் ஒரு நீள எண் வரிசையாக மாற்றும். எண்கள் நெருங்கி இருக்கும் முகங்களை ஒரே ஆளாகச் சேர்த்து ஆள் 1, ஆள் 2 என்று அடுக்கும். பெரியவர்களை நன்றாகவே கண்டுபிடித்தது. பக்கவாட்டில் திரும்பிய முகத்தை விட்டுவிடும். குழந்தை என்றால் முற்றிலும் குழம்பும். எந்தக் குழந்தையையும் எந்தக் குழந்தையோடும் சேர்த்துவிடும், இல்லையென்றால் முகமே இல்லை என்று சொல்லிவிடும். முகம் கிடைக்காத படங்களெல்லாம் 'முகமில்லாதவை' என்று தனி அடுக்கில் விழுந்தன. மாடு, வயல், வீட்டு வாசல், யாரோ ஒருவரின் முதுகு. "குழந்தைய மட்டும் கண்ணால பாத்துடுங்க தாத்தா, அதுக்குத் தெரியாது" என்று தர்ஷினி அவரிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவரும் சரி என்றார்.

ஆள் 7 சுமதி.

சுமதி என் கொழுந்தனார் குமரனின் முதல் மனைவி. பெண் குழந்தை பிறந்து அது நடக்கத் தொடங்கும் முன்பே இருவருக்கும் பேச்சு நின்று, கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துவிட்டார்கள். யார் மேல் தவறு என்று இங்கே எழுதப் போவதில்லை. குழந்தையோடு அவள் பாகூர்ப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் பார்க்க வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அந்தக் குழந்தை மாமாவுக்குப் பேத்தி. தர்ஷினிக்கு அடுத்த பேத்தி. அவர் போகவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அதன் பிறகு குமரன் ரேகாவைக் கட்டினார்.

குமரன் வில்லியனூரில் வீடு கட்டி முடித்தார். புதுமனை புகுவிழாவுக்கு டிவியில் பழைய படங்களை ஓடவிட வேண்டும், வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு பென் டிரைவ் தர வேண்டும் என்று ஆசைப்பட்டார். ரேகாவும் அவரும் பேச வந்தார்கள். ரேகா என்னிடம் அடுக்களையில் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, அவங்க இருக்கிறது எதுவும் வேணாம்கா. எங்க அம்மா வூட்டு ஆளுங்க எல்லாம் வருவாங்க."

அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்பேன். தர்ஷினி, "ஆள் ஏழ எடுத்துடுன்னு சொன்னா ரெண்டு நிமிஷம் சித்தி" என்றாள். ஸ்கேனர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா நிமிரவே இல்லை.

"சம்பந்தப்பட்டவங்க மனு குடுக்கணும்."

"இன்னாப்பா, இது ஆபீசா?" என்றார் குமரன்.

"ஆபீஸ் இல்லடா. வூடு. அதனாலதான் கேக்கணும்ன்றன்."

"அவகிட்ட போயி கேப்பியா? அவ வாசல்ல நிக்க விடுவாளா உன்ன?"

"நிக்கறன். வாசல்லயே நிக்கறன்."

எடுத்துவிடலாமே, யாருக்கும் நஷ்டமில்லையே என்று நான் தனியாக அவரிடம் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரையும், லேப்டாப்போடு தர்ஷினியையும் கூட்டிக்கொண்டு, சின்னவனை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஷேர் ஆட்டோவில் பாகூருக்குப் போனேன். வழியெல்லாம் ஏன் போகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு போனேன்.

சுமதி அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். ஏரிக்கரைப் பக்கம் வீடு. எங்களைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உள்ள வாங்க மாமா" என்றாள். ஆறேழு வயதான அவள் பெண் நாற்காலியில் கால் தொங்கவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தது. எங்கள் வீட்டு மூக்கு. மாமா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஆபீசில் கவுண்டருக்கு வெளியே நிற்பவரிடம் பேசுவது போல, வந்த காரியத்தைச் சொன்னார்.

பெண்ணை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, சுமதி லேப்டாப்பில் ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். கல்யாணம், வளைகாப்பு, குழந்தைக்குப் பேர் வைத்தது. ஒரு படத்தில் நிறுத்தச் சொன்னாள். சீர்த்தட்டு எடுத்து வந்த பெண்களுக்குப் பின்னால் ஓரத்தில் அவள் அம்மா நிற்கிறாள். பாதி முகம்தான் தெரிகிறது.

"அம்மா போட்டோ எங்ககிட்ட ஒண்ணுமில்லக்கா. ரேஷன் கார்டுல இருக்கிறதுதான்" என்று என்னிடம் சொன்னாள். "இது மட்டும் குடுங்க. மத்ததுல நானும் என் பொண்ணும் இருக்க வேணாம் மாமா. இல்லாம பண்ணிடுங்க. அவளுக்கு எதுவும் சொல்லி வெக்கல. சொல்றப்ப நானே சொல்லிக்கிறன்."

மாமா தலையசைத்தார். பிறகு நான் பயந்தது போலவே, "ஒரு மனு எழுதிக் குடுத்துடும்மா" என்றார். சுமதி அவரைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். "மாறவே இல்ல நீங்க" என்று சொல்லி, பெண்ணின் பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதைப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்க வூட்ட வுட்டு வெளிய போற எதுலயும் நீங்க ரெண்டு பேரும் இருக்க மாட்டீங்க."

அவள் கேட்டது இல்லாமல் செய்வது. அவர் சொன்னது வெளியே போகாது என்று. எனக்கு அந்த வித்தியாசம் அப்போதே உறைத்தது. அந்த இடத்தில் வார்த்தையைப் பிடித்து இழுப்பது சரியா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ வந்துவிட்டது.

பிறகு வேலை தொடங்கியது. அவள் மட்டும் இருக்கும் படங்கள் சுலபம். அவள் ஓரத்தில் நிற்கும் படங்களை நகலில் அந்த அளவுக்கு வெட்டினார்கள். நடுவில் நிற்கும் கூட்டப் படங்கள்தான் தொல்லை. தர்ஷினி ஏதோ ஒரு வசதியை வைத்து அவளை அழித்து அந்த இடத்தை நிரப்பிப் பார்த்தாள். என் மாமியாரின் தோளில் யாருடையது என்று தெரியாத ஒரு கை மிச்சம் இருந்தது. அதற்கு ஆறு விரல்.

"இது போட்டோ இல்ல, பொய் சர்டிபிகேட்" என்றார் மாமா. அந்தப் படங்கள் முழுசாகவே வெளியே போகாது என்று முடிவானது. மூலங்களை அவர் அழிக்கவில்லை. பூட்டிய தனி அடுக்கில் கடவுச்சொல் போட்டு வைக்கச் சொன்னார். அதனுள் ஒரு சிறு குறிப்பு: 'மனுதாரர் கேட்டபடி. வழங்கக் கூடாது.' ஒரே கோடு, அடியில் எழுத்து தெரிய. எனக்கு எரிச்சலாக வந்தது. "அழிச்சிடுங்க மாமா. அவ அதத்தான் கேட்டா" என்றேன்.

"அவ அம்மா படம் கேட்டாளே. அன்னிக்கி யாருனா அழிச்சிருந்தா இன்னா குடுத்திருப்பம்?" என்றார். எனக்கு எப்போதுமே பதில் பிறகுதான் தோன்றும். இந்தக் கேள்விக்கு இன்னும் தோன்றவில்லை.

ஆள் 7-ஐ ஸ்கிரிப்ட் விலக்கியது. பக்கவாட்டு முகங்களையும் குழந்தைகளையும் மாமா ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தார். 'முகமில்லாதவை' அடுக்கையும் பார்த்தார். பார்த்து முடித்ததும் அவற்றின் எண்களுக்கு எதிரே டிக் போட்டார்.

புகுவிழா அன்று கூடம் நிறைய ஆட்கள். பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, "அதோ நம்ம பெரியப்பா, எப்படி இருந்தாரு பாரு" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாடு வந்தது, கரும்பு வெட்டிய வயல் வந்தது, பழைய வீட்டு வாசல் வந்தது. அடுத்து, காலமாகிவிட்ட என் மாமியார் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, காலின் மேல் ஒரு குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும் படம். குனிந்திருப்பதால் அத்தை முகம் தெரியாது. குழந்தை முகம் முழுக்க சோப்பு நுரை. வாயைத் திறந்து அழுகிறது.

"யாரு குழந்த அது?" என்று ரேகாவின் அம்மா கேட்டார்.

யாரோ, "குமரனா இருக்கும்" என்றார்கள். குமரன் உடனே, "ஆமா ஆமா, நான்தான்" என்றார். அதோடு முடிந்திருக்கும். படம் மாற நாலு நொடிதான். அத்தையின் நரைத்த கொண்டையை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"இல்ல" என்றார் மாமா. சுவரோரம் நாற்காலியில் இருந்தார். குரலை உயர்த்தவில்லை. "அது என் பேத்தி. குமரன் பொண்ணு."

டிவியில் அடுத்த படம் வந்துவிட்டது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ரேகா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவைத் தட்டுவதா, பந்தியைப் பார்ப்பதா என்று தெரியாமல் கையில் பாயசச் செம்போடு நின்றேன். குமரன் அப்பாவிடம் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வாய மூடிக்கினு இருக்க முடியாதா உன்னால?" என்றார். மாமா, "தப்பாச் சொன்ன. திருத்தினன்" என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தர்ஷினிதான் கேட்டாள்.

"கண்ணால பாத்தீங்களே தாத்தா. எப்படி வுட்டீங்க?"

மாமா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "விட்டுப்போச்சி" என்றார். விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை. நான் அந்த ஒரு வார்த்தையை எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். நாம் எல்லோரும் சாதாரணமாகச் சொல்வதுதான் அது. அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

அதற்குள் பென் டிரைவ்கள் போய்விட்டன. மறுநாளிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் நானும் அவரும் தர்ஷினியும் போனோம். தர்ஷினி அந்த ஒரு கோப்பை எடுப்பாள், எடுத்தாயிற்றா என்று அவர் பார்ப்பார், காபி வரும், காபியைக் குடித்துவிட்டு அடுத்த வீடு. அவரே விட்டதற்கு அவரே அலைந்தார். வேண்டுமென்றே விட்டவர் இப்படி வெயிலில் அலைவாரா? அலைவார். அவர் மனுவை ஏற்றுக்கொண்டவர். மாமாவின் தங்கை, செல்லிப்பட்டு அத்தை மட்டும், "அண்ணி எவ்ளோ அழகா குளிப்பாட்டுது பாருன்னு குரூப்புல போட்டுட்டனே" என்றார். அந்தக் குரூப்பில் பாகூர்க்காரர்களும் இருந்தார்கள்.

இரண்டு நாளில் சுமதி எனக்குப் போன் செய்தாள். திட்டவில்லை. "மாமா சொன்னா சொன்னதுதான்னு நெனச்சன்க்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அதை மாமாவிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ. அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். சாப்பாட்டு மேசையை நாங்கள் திரும்பப் பெற்றோம். அதில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது.

போன வாரம் தர்ஷினி அவள் போனை என் முன்னால் வைத்தாள். சுமதியின் பெண் செய்தி அனுப்பியிருக்கிறாள். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயதிருக்கும். குரூப்பில் யாரோ மறுபடி போட்ட அந்தக் குளியல் படத்தைப் பார்த்திருக்கிறாள். 'அக்கா, இதுல இருக்கிற பாப்பா நான்னு சொல்றாங்க. அந்தப் பாட்டி யாரு? என் போட்டோ வேற இருக்கா? அம்மாகிட்ட சொல்லாதீங்க ப்ளீஸ்.'

இருக்கிறது. பூட்டிய அடுக்கில் அவளுக்குப் பேர் வைத்த நாள் இருக்கிறது. அவள் அம்மாவும் அப்பாவும் அவளை நடுவில் வைத்துக்கொண்டு சிரிக்கும் படம் இருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கும் மாமா இருக்கிறார். கடவுச்சொல் தர்ஷினிக்குத் தெரியும்.

"அது அவ படம்மா. அவ கேக்கறா. தாத்தா சொன்ன மாதிரி சம்பந்தப்பட்டவங்கதான் கேக்கறாங்க" என்கிறாள் தர்ஷினி.

"சம்பந்தப்பட்டவ அவ அம்மாவும்தான்டி. எழுதிக் குடுத்திருக்கா."

"அப்ப சுமதி சித்திகிட்ட சொல்லு."

"சொல்லாதன்னு அந்தப் பொண்ணு கேக்குதே."

"அப்ப இன்னாதான் பண்றதாம்?" என்று கேட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் குளியல் படத்தை மாமா தெரிந்தே விட்டார் என்றால், அந்தப் பெண் என்றாவது இப்படிக் கேட்க வேண்டும் என்று விட்டிருக்கிறார். அப்படியானால் கொடுப்பதுதான் அவர் எண்ணம். தவறிப் போனது என்றால், அவர் கொடுத்த வாக்கு இன்னும் நிற்கிறது. அதை உடைக்க நான் யார்? சுமதியிடம் சொன்னால், ஒரு பதின்மூன்று வயதுப் பெண் முதல்முறையாக ஒரு வீட்டை நம்பிக் கேட்டதைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். சொல்லாமல் கொடுத்தால், ஒரு தாய் தன் பெண்ணிடம் தானே சொல்ல வைத்திருந்ததை நான் பறித்தவள் ஆவேன். எனக்கும் பெண் இருக்கிறாள். என் கணவர், "உனக்கு எது சரின்னு தோணுதோ அதப் பண்ணு" என்கிறார். எனக்கு எது சரியென்று தோன்றுவதே இல்லை என்பது திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். சுமதியின் இடத்திலோ அந்தப் பெண்ணின் இடத்திலோ இருந்தவர்களும் இருக்கலாம். நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். அந்தச் செய்தியை நாங்கள் திறந்து படித்துவிட்டோம். படித்துவிட்டோம் என்று அவள் போனில் காட்டியிருக்கும்.